ஒரே நிறை, மூன்று கீட்டோன்கள்

நீலப் பூசணம் படர்ந்த ஐரோப்பியப் பாலாடைக் கட்டிக்கு ஒரு காரமான வாடை உண்டு. அந்த வாடைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று 2-ஹெப்டனோன் என்ற நிறமற்ற திரவம். தேனீயின் தாடைச் சுரப்பியிலும் அதே பொருள் இருப்பதை 1965-இல் கண்டறிந்தார்கள். வலிப்பு நோய்க்காக வால்புரோயிக் அமிலம் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரில் 3-ஹெப்டனோன் வருகிறது. மருந்து உடலுக்குள் சிதைகிற வழியில் உண்டாகிற பொருள் அது. 4-ஹெப்டனோனும் சிறுநீரில் காணப்படுவதுதான். ஒரு காலத்தில் அதை நீரிழிவோடு சேர்த்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் DEHP உடலுக்குள் போனாலும் அது கடைசியில் 4-ஹெப்டனோனைத் தரும் என்பது பிற்பாடு டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது.

ஆக ஒன்று உணவின் மணம், ஒன்று மருந்தின் மிச்சம், ஒன்று பிளாஸ்டிக்கின் சுவடு. ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிட்டால் முடிவு முற்றிலும் வேறாகிவிடும். ஆனால் மூன்றுக்கும் வாய்பாடு ஒன்றே: C7H14O. மூலக்கூறு நிறையும் ஒன்றே: 114. கொதிநிலைகளும் 144, 147, 151 டிகிரி என்று அருகருகே நிற்கின்றன. ஏழு கார்பன்கள் கொண்ட சங்கிலியில் ஆக்சிஜன் இரண்டாவது கார்பனில் இருக்கிறதா, மூன்றாவதிலா, நான்காவதிலா என்பது மட்டுமே வேறுபாடு.

நிறையை அளப்பதற்கென்றே உண்டான கருவி நிறை நிறமாலைமானி. ஆய்வகங்களில் சுருக்கமாக மாஸ் ஸ்பெக் என்பார்கள். நிறை ஒன்றாகவே இருக்கும் மூன்று பொருள்களை அது எப்படிப் பிரித்துச் சொல்கிறது? மூலக்கூறை உடைத்து, உடைந்த துண்டுகளை எடைபோட்டுத்தான். கீட்டோன்களும் ஆல்டிஹைடுகளும் உடைவதில் இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று ஆல்ஃபா பிளவு. மற்றொன்று ஒரு ஹைட்ரஜன் அணு இடம் மாறுவதால் நடக்கும் மெக்லாஃபர்ட்டி மறுசீரமைப்பு. இந்த இரண்டையும் அறிந்தவர், திரையில் தெரியும் கோடுகளைப் பார்த்தே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் கருவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். மாதிரி ஆவியாக்கப்பட்டு வெற்றிடத்துக்குள் நுழைகிறது. அங்கே சூடான கம்பி ஒன்றிலிருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்துகொண்டிருக்கும். அவற்றின் ஆற்றல் 70 எலக்ட்ரான் வோல்ட். உலகெங்கும் ஆய்வகங்கள் இதே அளவைப் பின்பற்றுவதால்தான் ஓரிடத்தில் எடுத்த நிறமாலையை வேறோரிடத்தில் எடுத்ததோடு ஒப்பிட முடிகிறது. ஒரு கீட்டோனிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குவதற்கு 9.5 எலக்ட்ரான் வோல்ட் அளவே போதும். மோதுகிற எலக்ட்ரான் தன் ஆற்றல் முழுவதையும் கொடுத்துவிடுவதில்லை. எனினும் மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் குறைந்து நேர்மின்னூட்டம் வந்த பிறகும், உள்ளே கொஞ்சம் ஆற்றல் மிஞ்சி நிற்கும். இப்படி உண்டாவதற்கு மூலக்கூறு அயனி என்று பெயர். மிஞ்சிய ஆற்றல்தான் அதை உடைக்கிறது.

வெற்றிடம் இங்கே முக்கியம். அதற்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். ஆகவே நடப்பது எதுவானாலும் தனியொரு மூலக்கூறுக்குள்ளேயே நடக்கிறது. இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். கருவிக்கு மின்னூட்டம் உள்ள துண்டு மட்டுமே தெரியும். மின்னூட்டம் இல்லாத துண்டைப் பம்பு உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு உடைவிலும் நாம் ஒரு பாதியைத்தான் பார்க்கிறோம். மறுபாதியைக் கழித்தல் கணக்குப் போட்டு ஊகிக்கிறோம்.

கீட்டோன் என்பது இரண்டு கார்பன் சங்கிலிகளுக்கு நடுவே, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஒரு கார்பன். அந்த நடுக் கார்பனைக் கார்பனைல் கார்பன் என்பார்கள். அதற்கு அடுத்தது ஆல்ஃபா கார்பன், அதற்கு அடுத்தது பீட்டா, அதற்கும் அடுத்தது காமா. கட்டுரை முழுக்க இந்த மூன்று பெயர்களும் வந்துகொண்டிருக்கும்.

எலக்ட்ரானை இழப்பது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். பிணைப்பு எதிலும் ஈடுபடாமல் அதனிடம் இருக்கும் இணைகளில் ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரான் போகிறது. மற்றது துணையில்லாமல் நிற்கிறது. துணை தேடும் அந்த எலக்ட்ரானுக்காக, கார்பனைல் கார்பனையும் ஆல்ஃபா கார்பனையும் கட்டிவைத்திருக்கும் பிணைப்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் நகர்ந்து வருகிறது. நகர்ந்ததும் அந்தப் பிணைப்பு அறுந்துவிடுகிறது. ஆக்சிஜன் இருக்கிற பக்கம், கார்பனும் ஆக்சிஜனும் மும்மைப் பிணைப்பில் இறுகிய ஓர் அயனியாகிறது. அசைலியம் அயனி என்று அதைச் சொல்வார்கள். மும்மைப் பிணைப்பு இருப்பதால் அது உறுதியானது. கருவியின் கடைசிவரை தாக்குப்பிடித்துப் பெரிய கோடாகப் பதிவாகிறது. அறுந்த சங்கிலியோ மின்னூட்டமில்லாத தனி உறுப்பாக விலகிப் போய்விடுகிறது. ஆல்ஃபா பிளவு என்பது இவ்வளவுதான்.

கீட்டோனுக்கு இரண்டு பக்கமும் சங்கிலி இருப்பதால் பிளவும் இரண்டு இடங்களில் நடக்கலாம். பொதுவாகப் பெரிய சங்கிலி கழன்று போவதே எளிது. 2-ஹெப்டனோனை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒற்றை மெத்தில் தொகுதி, நிறை 15. மறுபக்கம் ஐந்து கார்பன் சங்கிலி, நிறை 71. பெரியது கழன்றால் 114-இல் 71 போக 43 மிஞ்சும். திரையில் மிக உயரமான கோடு அங்கேதான் நிற்கும். மெத்தில் கழன்றால் 99 வர வேண்டும். வரும், ஆனால் மிகச் சிறியதாக.

3-ஹெப்டனோனில் ஒரு பக்கம் இரண்டு கார்பன், மறுபக்கம் நான்கு. நான்கு கார்பன் சங்கிலி போனால் 57, இரண்டு கார்பன் சங்கிலி போனால் 85. இங்கே 57 உயரமானது. 4-ஹெப்டனோன் சமச்சீரானது; எந்தப் பக்கம் உடைந்தாலும் 43 போய் 71 நிற்கும். அந்த 71 பிறகு ஒரு கார்பன் மோனாக்சைடை, அதாவது 28-ஐ, உதறிவிட்டு 43 ஆகும். அதனால் 4-ஹெப்டனோனில் 71, 43 இரண்டுமே ஓங்கி நிற்கும்.

இதுவே போதும் என்று தோன்றும். தூய்மையான மாதிரியென்றால் ஓரளவு போதும்தான். ஆனால் சிறுநீரும் பாலாடைக் கட்டியும் தூய்மையான மாதிரிகள் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண ஹைட்ரோகார்பன்கள் எல்லா ஆய்வகத்திலும் அழுக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். அவை உடையும்போது வரும் கோடுகள் எவை தெரியுமா? 43, 57, 71, 85. மூன்று கார்பனும் ஏழு ஹைட்ரஜனும் சேர்ந்தால் 43. அசிட்டைல் துண்டான CH3CO+ அயனிக்கும் 43. நான்கு கார்பன் சங்கிலி 57. C2H5CO+ அயனியும் 57. கீட்டோனின் ஆல்ஃபா பிளவு தருகிற எண்களும், ஆக்சிஜனே இல்லாத எண்ணெய்ப் பிசுக்கு தருகிற எண்களும் ஒன்றாகிவிடுகின்றன. ஒற்றைப்படைக் கோடுகளை மட்டும் நம்பிப் படிக்கிறவர் இங்கே ஏமாறுவது உறுதி.

இரட்டைப்படை எண்கள் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். கார்பனின் நிறை 12, ஆக்சிஜனின் நிறை 16. இரண்டும் இரட்டைப்படை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள முழுமையான மூலக்கூறில் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாகவே அமையும். எனவே மூலக்கூறின் நிறையும் இரட்டைப்படை. அதில் ஒரே ஒரு பிணைப்பை அறுத்தால் இரண்டு துண்டுகளுக்கும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஹைட்ரஜன் கிடைக்கும், நிறைகளும் ஒற்றைப்படையாகும். 43, 57, 71, 85, 99 எல்லாமே அப்படி வந்தவை. இவற்றுக்கு நடுவில் 58, 72, 86 என்று ஓர் இரட்டைப்படைக் கோடு உயரமாக நின்றால், அங்கே வெறுமனே ஒரு பிணைப்பு அறுபடவில்லை என்று பொருள். முழுமையான ஒரு சிறு மூலக்கூறு கழன்று போயிருக்கிறது. அப்படிப் போக வேண்டுமானால் ஏதோ ஓர் அணு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியிருக்க வேண்டும்.

தாவுவது ஹைட்ரஜன். அதுவும் காமா கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன். சங்கிலி, நாய் தன் வாலைக் கவ்வ வளைவதுபோல, ஆக்சிஜனை நோக்கி வளைகிறது. ஆக்சிஜன், கார்பனைல் கார்பன், ஆல்ஃபா, பீட்டா, காமா, அதன் ஹைட்ரஜன் ஆகிய ஆறு அணுக்களும் சேர்ந்து ஒரு வளையம்போல் அமைகின்றன. ஆறு அணு வளையம் என்பது கார்பன் வேதியியலில் இறுக்கமோ திரிபோ இல்லாத வசதியான வடிவம். அந்த நிலையில் ஆக்சிஜன், காமா கார்பனின் ஹைட்ரஜனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இப்போது துணையில்லாத எலக்ட்ரான் காமா கார்பனில் இருக்கிறது. அது துணை தேடும்போது ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இடையிலான பிணைப்பு அறுகிறது. பீட்டாவும் காமாவும் இரட்டைப் பிணைப்பால் இணைந்து ஓர் ஆல்கீனாக வெளியேறுகின்றன. மிஞ்சுவது ஹைட்ரஜனைச் சுமந்த ஆக்சிஜனோடு கூடிய ஈனால் அயனி.

2-ஹெப்டனோனில் வெளியேறுவது நான்கு கார்பன் கொண்ட பியூட்டீன், நிறை 56. 114-இல் 56 போனால் 58. அந்தக் கோடு 43-க்கு அடுத்தபடியாக உயர்ந்து நிற்கும். 3-ஹெப்டனோனில் நீண்ட பக்கத்திலிருந்து மூன்று கார்பன் கொண்ட புரோப்பீன் போகும், நிறை 42, நிற்பது 72. குட்டைப் பக்கத்தில் இரண்டே கார்பன் என்பதால் அங்கே காமா கார்பனே கிடையாது. 4-ஹெப்டனோனில் எத்திலீன் போகும், நிறை 28, நிற்பது 86. அதற்கு மறுபக்கமும் காமா ஹைட்ரஜன் இருப்பதால் இன்னொருமுறை எத்திலீன் கழன்று 58-க்கும் இறங்கலாம்.

எண்களைத் திரும்பவும் பாருங்கள். 58, 72, 86. மூன்று பொருளுக்கும் ஒன்றுக்கொன்று 14 இடைவெளியில் மூன்று தனித்தனிக் கோடுகள். ஆக்சிஜன் சங்கிலியின் நுனியிலிருந்து ஒரு கார்பன் உள்ளே தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் ஈனால் அயனியில் ஒரு CH2 கூடுகிறது. ஆல்ஃபா பிளவு சந்தேகத்தோடு சொன்ன சேதியை, ஹைட்ரஜன் தாவல் உறுதிசெய்கிறது.

இந்தத் தாவலை முதலில் கவனித்தவர் மெக்லாஃபர்ட்டி அல்ல. ஏ. ஜே. சி. நிக்கல்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், மெத்தில் கீட்டோன்கள் ஒளியால் எப்படிச் சிதைகின்றன என்று ஆராய்ந்து 1954-இல் வெளியிட்டார். ஒளி பட்டு உடையும் விதமும் நிறை நிறமாலைமானியில் உடையும் விதமும் ஒத்திருப்பதை அவர் கண்டார். ஒளி வேதியியலில் இதற்கு நாரிஷ் வினைகள் என்று பெயர். கேம்பிரிட்ஜின் ரொனால்ட் நாரிஷ் பெயரால் வழங்குபவை. முதல் வகை ஆல்ஃபா பிளவுக்கும், இரண்டாம் வகை ஹைட்ரஜன் தாவலுக்கும் இணையானவை. ஒளியிலிருந்து ஆற்றல் வந்தாலும் எலக்ட்ரான் மோதி வந்தாலும், கார்பனைல் ஆக்சிஜனில் துணையில்லாத எலக்ட்ரான் ஒன்று உண்டாகிவிட்டால் அது செய்கிற வேலை ஒன்றுதான்.

அந்தக் கவனிப்பைப் பொதுவிதியாக்கியது ஃபிரெட் மெக்லாஃபர்ட்டி. 1923-இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டவர். 1950-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லாண்ட் நகரிலிருந்த டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சேர்ந்தார். தொழிற்சாலை ஆய்வகம் என்பதால் தினமும் விதவிதமான சேர்மங்களின் நிறமாலைகள் அவர் மேசைக்கு வந்தன. கீட்டோன், ஆல்டிஹைடு, எஸ்டர், அமிலம் என்று வகை மாறினாலும், காமா ஹைட்ரஜன் இருக்கிற இடத்திலெல்லாம் எதிர்பாராத இரட்டைப்படைக் கோடு ஒன்று வருவதை அவர் கண்டார். 1950களின் பிற்பகுதியில் அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி இதழில் எழுதிய கட்டுரைகளில் அதை விளக்கினார். பர்டூவுக்கும் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கும் சென்று, 2021-இல் மறைந்தார். ஒரே ஒரு வினையைக் கவனித்தார் என்பதைவிட, தொடர்பற்றவைபோல் தெரிந்த பல நிறமாலைகளுக்கு அடியில் ஒரே ஒழுங்கு ஓடுவதைப் பார்த்தார் என்பதே அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

தாவுவது காமா ஹைட்ரஜன்தான் என்று எப்படி உறுதிப்படுத்தினார்கள்? டியூட்டீரியத்தை வைத்து. ஹைட்ரஜனைப் போலவே நடந்துகொண்டு, நிறை மட்டும் 2 உள்ள அணு அது. காமா கார்பனில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாக டியூட்டீரியம் வைத்து 2-ஹெப்டனோனைத் தயாரித்தால், மூலக்கூறு நிறை 116 ஆகும். ஈனால் அயனி 58-இலிருந்து 59-க்கு நகரும். வேறு எந்தக் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் தாவியிருந்தாலும் கோடு 58-லேயே நின்றிருக்கும். ஸ்டான்ஃபோர்டில் கார்ல் ஜெராஸ்ஸியின் குழுவினர் இந்த முறையில் ஏராளமான கீட்டோன்களை ஆராய்ந்தார்கள். வளைய அமைப்பு கெட்டியாக இருக்கும் ஸ்டீராய்டு கீட்டோன்களில், காமா ஹைட்ரஜன் இருந்தும் சிலவற்றில் தாவல் நடக்கவில்லை. ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடைவெளி சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வர முடிந்தால்தான் தாவல் நடக்கும் என்ற எல்லை இத்தகைய ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். காமா ஹைட்ரஜன் இருந்தால் மட்டும் போதாது. அது ஆக்சிஜனை எட்டவும் வேண்டும்.

ஆல்ஃபா பிளவுக்கு ஆற்றல் கூடுதலாக வேண்டும். ஆனால் நேரம் வேண்டாம். பிணைப்பு நீண்டு அறுந்தால் முடிந்தது. ஹைட்ரஜன் தாவலுக்கு ஆற்றல் குறைவாகப் போதும். ஆனால் சங்கிலி சரியாக வளைந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் 70 எலக்ட்ரான் வோல்ட்டைக் குறைத்து 12, 15 என்று வைத்துப் பார்த்தால், ஒற்றைப்படைக் கோடுகள் தணிந்து, இரட்டைப்படைக் கோடு மற்றவற்றை நோக்க ஓங்கி நிற்கும். சந்தேகம் வரும்போது இது ஒரு நல்ல சோதனை. நூலகத்தில் உள்ள நிறமாலைகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

இதே காரணத்தால் இரட்டைப்படைக் கோட்டின் உயரமும் பொருளுக்குப் பொருள் மாறும். 2-ஹெப்டனோனில் காமா கார்பன் சங்கிலிக்கு நடுவே இருக்கிறது. அதன் ஹைட்ரஜன் எளிதாக விட்டுக்கொடுக்கும். 4-ஹெப்டனோனில் காமா கார்பன் சங்கிலியின் நுனியிலுள்ள மெத்தில். அதிலிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பது கடினம். அதனால் அங்கே 86 வரும், ஆனால் மிகச் சிறியதாக வரும். கோடு சிறிதாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிட்டால் கைக்கு வந்த சான்றை இழந்துவிடுவோம்.

சிறிய இரட்டைப்படைக் கோட்டை நம்புவதற்கு முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இயற்கையில் கிடைக்கும் கார்பனில் நூற்றுக்கு 1.1 பங்கு 13 நிறை கொண்டது. நான்கு கார்பன் உள்ள 57 நிறை அயனிக்குப் பக்கத்தில், அதன் உயரத்தில் 4.4 விழுக்காடு அளவுக்கு 58-இல் ஒரு கோடு தானாகவே விழும். அதற்கும் ஹைட்ரஜன் தாவலுக்கும் தொடர்பில்லை. 58-இன் உயரம் அந்த அளவைத் தெளிவாகத் தாண்டினால்தான் அதை ஈனால் அயனி என்று எடுத்துக்கொள்ளலாம். 85-க்குப் பக்கத்திலுள்ள 86-க்கும் இதே கவனம் வேண்டும்.

நுண்பிரிதிறன் கொண்ட கருவி கையில் இருந்தால் குழப்பம் இன்னும் குறையும். ஆக்சிஜன் உள்ள C2H3O+ அயனியின் துல்லிய நிறை 43.018, ஆக்சிஜன் இல்லாத C3H7+ அயனியுடையது 43.054. முழு எண்ணில் ஒன்றாகத் தெரிந்த இரண்டும் மூன்றாம் தசமம்வரை அளந்தால் விலகி நிற்கும். ஆனால் பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது முழு எண்ணைக் காட்டும் கருவிதான். அங்கே கணக்கும் தர்க்கமுமே துணை.

ஆல்டிஹைடுக்கு வருவோம். அதில் கார்பனைல் கார்பனின் ஒரு பக்கம் சங்கிலி, மறுபக்கம் வெறும் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் கழன்றால் மூலக்கூறு நிறையைவிட ஒன்று குறைந்த கோடு வரும். சங்கிலி கழன்றால் CHO+ அயனி, நிறை 29. காமா ஹைட்ரஜன் தாவினால், ஆல்ஃபா கார்பனில் கிளை இல்லாதவரை, எந்த நீளச் சங்கிலியானாலும் 44.

கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலம் காற்றோடு வினைபுரிந்து உண்டாக்கும் ஹெக்சனால் அந்த வாடையில் கலந்திருக்கும். எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு உணவு ஆய்வகங்கள் அளந்து பார்க்கும் பொருள் அது. ஆறு கார்பன் ஆல்டிஹைடு, நிறை 100. அதன் நிறமாலையில் 100-இல் கோடு மிகச் சன்னமாக இருக்கும், 44 ஓங்கியிருக்கும். கூடவே 56-இலும் ஒரு பெரிய கோடு தெரியும். கழன்று போக வேண்டிய பியூட்டீன்தான் அது. ஆல்டிஹைடின் ஈனாலும் பியூட்டீனும் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதில் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால், மின்னூட்டம் சில வேளை இந்தப் பக்கமும் சில வேளை அந்தப் பக்கமும் தங்குகிறது. 2-ஹெப்டனோனில் ஈனால் அயனி கூடுதல் உறுதியானது என்பதால் மின்னூட்டம் பெரும்பாலும் அதனிடமே நின்றுவிடுகிறது.

ஆல்டிஹைடைப் படிப்பதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுக்கும் நிறை 44. கருவியில் எங்காவது காற்றுக் கசிவு இருந்தால் 44-இல் எப்போதும் ஒரு கோடு நின்றுகொண்டே இருக்கும். கண்டுபிடிப்பது எளிது: 28-இல் நைட்ரஜனும் 32-இல் ஆக்சிஜனும் கூடவே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருள் வெளிவரும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 44 எழுந்து அடங்கினால் அது ஆல்டிஹைடு. ஓட்டம் முழுக்கச் சமமாக நின்றால் காற்று. இரண்டாவது பள்ளம் நாமே வெட்டிக்கொள்வது. காற்றின் தொந்தரவு வேண்டாம் என்று பலர் கருவியை 35-இலோ 45-இலோ இருந்து படிக்கும்படி அமைத்துவிடுவார்கள். 35-இல் தொடங்கினால் 29 தெரியாது. 45-இல் தொடங்கினால் 43, 44 இரண்டும் சேர்ந்து போய்விடும். ஆல்டிஹைடுக்கும் மெத்தில் கீட்டோனுக்கும் இருக்கிற ஆகச் சிறந்த அடையாளங்களைத் திரைக்கு வருமுன்பே வெட்டி எறிவது இது.

கோடு வராமல் போவதும் ஒரு சேதிதான். நிறை 100 உள்ள இரண்டு மெத்தில் கீட்டோன்களைப் பாருங்கள். நேர்ச் சங்கிலியான 2-ஹெக்சனோன் 58-ஐ நன்றாகக் காட்டும். 3,3-டைமெத்தில்-2-பியூட்டனோனில் ஆல்ஃபா கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில்கள் நெருங்கி நிற்கின்றன. சங்கிலி பீட்டாவோடு முடிந்துவிடுகிறது. காமா கார்பனே இல்லை. அங்கே 58-இல் ஓங்கிய கோடு எழாது. 43 இரண்டிலும் இருக்கும்.

இவ்வளவும் எலக்ட்ரான் மோதல் முறைக்குத்தான் பொருந்தும். இன்று மருந்து ஆய்வகங்களில் பெருகியிருக்கும் மின்தெளிப்பு முறையில், மூலக்கூறு எலக்ட்ரானை இழப்பதில்லை. ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்கிறது. ஆக்சிஜனில் துணையில்லாத எலக்ட்ரான் இல்லை. ஆகவே மேலே சொன்ன வழிகளில் அது உடையவும் உடையாது. ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கும் தலைகீழாகிவிடும். அந்தக் கருவியில் எடுத்த நிறமாலையை இந்த விதிகளால் படிக்கக் கூடாது.

நிறமாலை கைக்கு வந்ததும் கணினி நூலகத்தோடு ஒப்பிட்டு, முதலில் வரும் பெயரை அறிக்கையில் எழுதிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. 2-ஹெப்டனோன், 3-ஹெப்டனோன், 4-ஹெப்டனோன் மூன்றும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து, நெருங்கிய மதிப்பெண்களோடு வரக்கூடியவை. மாதிரியில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்திருந்தால் வரிசையே மாறிப்போகலாம். அறிக்கையில் கையெழுத்திடுகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெயரை எழுதுமுன் 58, 72, 86 ஆகிய மூன்று இடங்களையும் உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். 13 நிறை கார்பனின் பங்கைக் கழித்த பிறகும் எங்கே கோடு மிஞ்சி நிற்கிறது என்று பாருங்கள். தெளிவாக எதுவும் மிஞ்சவில்லை என்றால், ஹெப்டனோன் என்று மட்டும் எழுதுங்கள், எண்ணைப் போடாதீர்கள்.